தமிழ் மாதமும் நாளும் காட்ட மாதப் பிறப்புத் திகதி அட்டவணை: ஒரு வருட அட்டவணை எல்லா வருடங்களுக்கும் பொருந்துமா?

வாய்க்கால் கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் கமக்காரர் அமைப்புக்காக ஒரு சிறிய இணையப் பக்கத்தைப் பராமரித்து வருகிறேன். எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் நீர் திறக்கப்படும், உரம் எப்போது வழங்கப்படும், கூட்டம் எப்போது நடைபெறும் என்பவையே அதில் வருகின்றன. ஆங்கிலத் திகதிக்குப் பக்கத்தில் தமிழ் மாதத்தையும் நாளையும் காட்டினால் உதவியாக இருக்கும் என்று மூத்த கமக்காரர்கள் கேட்கிறார்கள். காலபோக விதைப்பை அவர்கள் இன்னும் புரட்டாதிக் கடைசி, ஐப்பசி முற்பகுதி என்றுதான் கணக்கிடுகிறார்கள்.

வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலிருந்து ஒவ்வொரு மாதமும் பிறக்கும் ஆங்கிலத் திகதியை எடுத்து ஓர் அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு நாளின் தமிழ் மாதத்தை எப்படிப் பெறுவது, அந்த அட்டவணையை அடுத்த வருடத்துக்கும் அப்படியே பயன்படுத்தலாமா என்ற இரண்டையும் அறிய விரும்புகிறேன். பலர் வயல் கரையில் நின்று கைத்தொலைபேசியில் பார்ப்பதாலும், அங்கே சமிக்ஞை குறைவாக இருப்பதாலும், வெளியே எந்தச் சேவையகத்தையும் கேட்காமல் பக்கத்துக்குள்ளேயே வேலை முடிய வேண்டும்.

முள்ளியவளை இளவல் எழுதியது:

அண்ணா, இதற்கு அட்டவணை எதற்கு? ஏப்ரல் என்றால் சித்திரை, மே என்றால் வைகாசி. பாடசாலையிலும் அலுவலகத்திலும் நாங்கள் அப்படித்தானே எழுதுகிறோம். பன்னிரண்டு பெயர்களை வரிசையாக வைத்து, மாத எண்ணைக் கொண்டு பெயரை எடுத்தால் போதும்.

```js
const m = ["தை","மாசி","பங்குனி","சித்திரை",
  "வைகாசி","ஆனி","ஆடி","ஆவணி","புரட்டாதி",
  "ஐப்பசி","கார்த்திகை","மார்கழி"];
m[new Date().getMonth()];
```

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

தம்பி சொல்வது எங்கள் நாட்டு வழக்கில் உள்ளதுதான். இங்கே "வைகாசி 18" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் மே 18 என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆங்கில மாதங்களுக்கே தமிழ் மாதப் பெயரைச் சூட்டி வழங்குவது ஈழத்தில் ஊறிப்போன பழக்கம். அந்தப் பொருளில்தான் பெயர் வேண்டுமென்றால் தம்பியின் நிரலே போதும்.

ஆனால் கேள்வி கேட்டவர் சொல்லும் கமக்காரர்கள் கேட்பது அதுவன்று. பஞ்சாங்கத்து வைகாசி, சூரியன் இடப இராசிக்குள் புகும்போது பிறக்கிறது. 2025 இல் அது மே 15 ஆம் திகதி பிறந்தது. ஆகவே மே 18 பஞ்சாங்கப்படி வைகாசி 4. ஒரே பெயர் இரண்டு வேறு நாட்களைக் குறிப்பதால், நீங்கள் பக்கத்தில் "வைகாசி 4" என்று மட்டும் எழுதினால் இளையவர்களில் பாதிப் பேர் மே 4 என்று வாசித்துவிடுவார்கள். நீர் திறக்கும் நாளில் அது இரண்டு வாரத் தவறு. எனவே ஆங்கிலத் திகதியை எப்போதும் முதலில் இலக்கத்தில் எழுதி, அடுத்த வரியில் "பஞ்சாங்கத் திகதி" என்று முன்னொட்டு வைத்துத் தமிழ்த் திகதியைக் காட்டுங்கள். நிரல் எழுதுவதற்கு முன்னரே இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இனி அட்டவணை. வாக்கியக் கணக்கில் விசுவாவசு வருடத்துக்கான வரிசை இது. ஒவ்வொரு வரியிலும் மாதம் பிறக்கும் முழுத் திகதி இருக்கிறது. வருடம் இல்லாத வெறும் "மே 15" அன்று என்பதைக் கவனியுங்கள்.

```js
const T = [
  ["2025-04-14", "சித்திரை"],
  ["2025-05-15", "வைகாசி"],
  ["2025-06-15", "ஆனி"],
  ["2025-07-17", "ஆடி"],
  ["2025-08-17", "ஆவணி"],
  ["2025-09-17", "புரட்டாதி"],
  ["2025-10-18", "ஐப்பசி"],
  ["2025-11-17", "கார்த்திகை"],
  ["2025-12-16", "மார்கழி"],
  ["2026-01-15", "தை"],
  ["2026-02-13", "மாசி"],
  ["2026-03-15", "பங்குனி"],
  ["2026-04-14", null]
];
```

தேடும் முறை எளிது. கொடுத்த நாளுக்குச் சமமான அல்லது அதற்கு முந்திய வரிகளுள் கடைசியாக உள்ளதைக் கண்டுபிடித்தால் மாதம் கிடைக்கும். அந்த வரியின் திகதிக்கும் கொடுத்த நாளுக்கும் உள்ள இடைவெளியுடன் ஒன்றைக் கூட்டினால் நாள் கிடைக்கும். திகதிகள் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில், பூச்சியம் விடாமல் எழுதப்பட்டிருப்பதால் அவற்றை வெறும் எழுத்துச் சரங்களாகவே ஒப்பிடலாம்.

```js
function tamilDate(d) {
  if (d >= T[T.length - 1][0]) return null;
  for (let i = T.length - 2; i >= 0; i--) {
    if (d >= T[i][0]) {
      const n = (Date.parse(d) - Date.parse(T[i][0]))
                / 86400000 + 1;
      return T[i][1] + " " + n;
    }
  }
  return null;
}
```

அட்டவணையின் கடைசி வரியில் பெயர் இல்லாததற்குக் காரணம் உண்டு. அந்த வரி இல்லாவிட்டால் 2026 ஏப்ரல் 14 க்குப் பிறகும் நிரல் பங்குனியையே பிடித்துக்கொண்டு பங்குனி 31, 32, 45 என்று எண்ணிக்கொண்டே போகும். பக்கம் பழுதாகாது, எச்சரிக்கையும் வராது, தவறான திகதி மட்டும் அமைதியாகக் காட்டப்படும். முடிவு வரி இருந்தால் அன்றிலிருந்து `null` கிடைக்கும். அப்போது தமிழ்த் திகதிக்குரிய வரியை மறைத்துவிட்டு ஆங்கிலத் திகதியை மட்டும் காட்டலாம். பிழையான தமிழ்த் திகதியை விட வெற்றிடம் நல்லது.

வாய்க்கால் கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. "பஞ்சாங்கத் திகதி" என்ற முன்னொட்டு எனக்குத் தோன்றியிராதது. அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

நிரலை இட்டுப் பார்த்ததில் 2025 ஜூலை 16 க்கு "ஆனி 32" என்று வருகிறது. ஒரு மாதத்தில் 32 நாட்கள் வருமா, அல்லது ஆடி பிறக்கும் திகதியில் ஏதேனும் எழுத்துப் பிழையா?

கோவிலடி எழுதியது:

எங்கள் கோவிலில் வைகாசிப் பொங்கலுக்கு அறிவித்தல் போடுவது நான்தான். மாதம் தெரிந்தால் போதாது, விசாகம் எப்போது, பூரணை எப்போது என்பதும் வேண்டும். இந்த அட்டவணையில் திதியையும் நட்சத்திரத்தையும் எங்கே சேர்ப்பது என்று யாராவது சொல்ல முடியுமா?

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

வாய்க்கால் கரைக்கு: ஆனி 32 சரியானது. ஜூன் 15 இலிருந்து 30 வரை 16 நாட்கள், ஜூலை 1 இலிருந்து 16 வரை இன்னும் 16 நாட்கள். ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் அதன் ஓட்டம் அப்போது மெதுவாகிறது. நமக்குத் தெரிவது சூரியன் மிதுன இராசியைக் கடக்க அதிக நாட்கள் எடுப்பது. ஆனி ஏறக்குறைய முப்பத்தொன்றரை நாளுக்குச் சற்று மேல் நீள்கிறது. முழு நாட்களாக எண்ணும்போது அது சில வருடங்களில் 31 ஆகவும் சிலவற்றில் 32 ஆகவும் விழுகிறது. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் விரைவாகச் செல்வதால் மார்கழியும் அதன் அயல் மாதங்களும் குறுகியவை. மேலே உள்ள அட்டவணையில் கார்த்திகைக்கு 29 நாட்களே இருப்பதைக் காணலாம்.

இதையே அட்டவணையைச் சரிபார்க்கவும் பயன்படுத்துங்கள். அடுத்தடுத்த இரண்டு வரிகளின் இடைவெளி 29 க்குக் குறையவோ 32 க்கு மேற்படவோ கூடாது. ஒரு சித்திரையிலிருந்து மறு சித்திரை வரை கூட்டினால் 365 அல்லது 366 வர வேண்டும். இந்த வருடத்துக்கு 31, 31, 32, 31, 31, 31, 30, 29, 30, 29, 30, 30 என்று வருகிறது, கூட்டினால் 365. நாட்காட்டியிலிருந்து கையால் எழுதும்போது 17 ஐ 11 என்று எழுதிவிட்டால் இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு நாள் முன்பின்னான தவறை எப்போதும் காட்டாது. ஒரு மாதத்தில் குறைந்தது அடுத்த மாதத்தில் கூடிவிடுவதால் மொத்தம் மாறாது, இடைவெளிகளும் எல்லைக்குள்ளேயே நின்றுவிடலாம். அதற்கு இரண்டாம் பேர் ஒருவர் நாட்காட்டியை வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.

கோவிலடிக்கு: திதியும் நட்சத்திரமும் சந்திரனைப் பற்றியவை. அவை நாளின் நடுவில் எந்த மணியிலும் மாறும் என்பதால், மாதப் பிறப்பு அட்டவணைக்குள் அவற்றுக்கு இடமில்லை. உங்களுக்கு வேண்டியது நாளுக்கு ஒரு வரி உள்ள வேறோர் அட்டவணை. தனி இழை தொடங்கினால் அங்கே எழுதுகிறேன்.

வவுனியா கணக்கர் எழுதியது:

நான் நிரலாளர் அல்லன். கூட்டுறவுக் கடை ஒன்றின் கணக்கை எக்செலில் பார்க்கிறேன். ஆசிரியர் கொடுத்த அதே அட்டவணையை F, G நிரல்களில் இட்டு, திகதிக்குப் பக்கத்தில் தமிழ் மாதம் வரும்படி `VLOOKUP` எழுதினேன். மாதம் பிறக்கும் நாட்களுக்கு மட்டும் பெயர் வருகிறது. மற்ற எல்லா நாட்களுக்கும் `#N/A` வருகிறது. அட்டவணையை 365 வரிகளாக எழுத வேண்டுமா?

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

வேண்டாம். நீங்கள் கடைசி இடத்தில் `FALSE` கொடுத்திருக்கிறீர்கள். அது அச்சொட்டாக அதே திகதியை மட்டுமே தேடும். `TRUE` கொடுத்தால் அந்தத் திகதியைத் தாண்டாத கடைசி வரியை எடுக்கும். F நிரல் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

```
=VLOOKUP(A2,$F$2:$G$14,2,TRUE)
=A2-VLOOKUP(A2,$F$2:$F$14,1,TRUE)+1
```

முதலாவது மாதத்தையும் இரண்டாவது நாளையும் தரும். இரண்டாவதன் விடை திகதி போலத் தோன்றினால் அந்தக் கலத்தின் வடிவத்தை எண்ணாக மாற்றுங்கள். A நிரலில் உள்ளவை உண்மையான திகதிகளா, திகதி போலத் தோன்றும் எழுத்துகளா என்பதையும் பாருங்கள். கலத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் அவை எழுத்துகள்தான், அப்போது எந்த வழியிலும் தேடல் சரியாக வராது.

மல்லாவி எழுதியது:

முதற் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இன்னும் விடை வரவில்லை. வருடாவருடம் அட்டவணை எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து. சூரிய வருடம் 365 நாளும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலமும். நான்கு வருடத்தில் அந்த ஆறு மணித்தியாலங்கள் ஒரு நாளாகின்றன. அதை லீப் வருடம் சரிசெய்துவிடுகிறது. ஆகவே நான்கு வருடத்துக்கு 48 வரிகள் எழுதிவிட்டு, வருடத்தை நான்கால் வகுத்த மீதியைக் கொண்டு எந்தத் தொகுதி என்று தேர்ந்தெடுத்தால் வாழ்நாள் முழுவதும் போதும்.

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

மல்லாவியின் வழி பெரும்பாலான நாட்களில் சரியான விடையையே தரும். அதுதான் அதிலுள்ள ஆபத்து. தவறு எப்போதாவது ஒரு மாதத்தில் மட்டும் எழுவதால் யாரும் சோதித்துக் கண்டுபிடிப்பதில்லை.

பஞ்சாங்கத்தின் வருடம் 365 நாள் 6 மணித்தியாலத்துடன் நிற்பதில்லை; மேலும் ஏறத்தாழ பன்னிரண்டரை நிமிடம் இருக்கிறது. நான்கு வருடத்தில் அது 24 மணித்தியாலமும் 50 நிமிடமும் ஆகிறது. லீப் நாள் 24 மணித்தியாலத்தை எடுத்துக்கொள்ள, 50 நிமிடம் மிஞ்சுகிறது. அதாவது நான்கு வருடங்களுக்கு முன் நிகழ்ந்த அதே சங்கிரமணம், இம்முறை அதே ஆங்கிலத் திகதியில் 50 நிமிடம் பிந்தி நிகழும். பெரும்பாலும் அது ஒன்றையும் மாற்றாது. ஆனால் மாதத்தின் முதலாம் நாளைத் தீர்மானிக்கும் எல்லை சூரிய அஸ்தமனம். சங்கிரமணம் அஸ்தமனத்துக்கு முன் நிகழ்ந்தால் அன்றே முதலாம் நாள், பின் நிகழ்ந்தால் மறுநாள். முன்பு அஸ்தமனத்துக்குச் சற்று முன் நிகழ்ந்த சங்கிரமணம் 50 நிமிடம் பிந்தினால், எல்லையைத் தாண்டி மறுநாளுக்குப் போய்விடுகிறது.

தைப்பொங்கலை எடுத்துப் பாருங்கள். 2018 இலும் 2022 இலும் அது ஜனவரி 14. நான்கு வருடச் சுற்றை நம்பினால் 2026 இலும் 14 ஆகவே இருக்க வேண்டும். ஆனால் 2026 இல் பொங்கல் ஜனவரி 15. 2022 இல் வாக்கியக் கணக்கின் மகர சங்கிரமணம் மாலையில் அஸ்தமனத்துக்கு முன் முடிந்தது. 2026 இல் அது அஸ்தமனத்துக்குப் பின் சென்றது. உங்கள் 48 வரிகள் அந்தத் தை மாதம் முழுவதையும் ஒரு நாள் தவறாகக் காட்டியிருக்கும்; மாசி பிறந்தவுடன் தவறு தானாக மறைந்தும் போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு வருடத்துக்கும் பன்னிரண்டு வரிகளைப் புதிதாகச் சேர்ப்பதுதான் வழி. வருடத்துக்கு ஒரு முறை, புதுப் பஞ்சாங்கம் வெளிவரும்போது, அரை மணித்தியால வேலை. பழைய வரிகளை நீக்காதீர்கள்; சென்ற வருட அறிவித்தல்களைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அவை வேண்டும்.

மல்லாவி எழுதியது:

பொங்கல் உதாரணம் என்னை ஏற்கச் செய்கிறது. அப்படியானால் அட்டவணையையே விட்டுவிட்டு, சங்கிரமணத்தையும் அஸ்தமனத்தையும் நிரலே கணக்கிட்டால் வருடாவருடம் எழுதும் வேலையும் இல்லாமற் போகுமே?

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

கணக்கிடலாம், ஆனால் எந்தக் கணக்கை என்பதுதான் கேள்வி. வாக்கியமும் திருக்கணிதமும் சூரியன் இராசி மாறும் நேரத்தை ஒன்றாகச் சொல்வதில்லை. சித்திரைப் பிறப்பில் வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கு உள்ளேயே இருக்கிறது; மகரத்தில் அது பல மணித்தியாலங்களாகிறது. மேலே சொன்ன 2026 ஐயே பாருங்கள். திருக்கணிதப்படி மகர சங்கிரமணம் ஜனவரி 14 பிற்பகல் மூன்று மணியளவில் முடிந்துவிட்டது. அதே அஸ்தமன விதியைப் பயன்படுத்தினால் தை முதலாம் நாள் 14. வாக்கியப்படி 15. இரண்டு கணக்கும் தத்தம் வழியில் சரி.

அட்டவணையின் பலம் இங்கேதான் இருக்கிறது. அது எதையும் கணக்கிடுவதில்லை. உங்கள் மக்கள் கையில் வைத்திருக்கும் பஞ்சாங்கம் என்ன சொல்கிறதோ அதையே சொல்கிறது. வானியல் நூலகம் ஒன்றைக் கொண்டு வினாடி சுத்தமாகக் கணக்கிட்டுக் காட்டினாலும், சுவரில் தொங்கும் நாட்காட்டியுடன் அது முரண்பட்டால் கமக்காரர் உங்கள் பக்கத்தைத்தான் நம்பமாட்டார். எந்தப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்தது என்பதை அட்டவணைக்கு மேலே ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள். இரண்டிலிருந்தும் மாறி மாறி வரிகளை எடுப்பது மட்டும் கூடவே கூடாது.

முள்ளியவளை இளவல் எழுதியது:

ஐயா, உலாவியிலேயே தமிழ் நாட்காட்டி இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். `ta-LK` கொடுத்தால் தமிழில் மாதம் வருகிறது. `ta-IN-u-ca-indian` என்றும் ஒன்று இருக்கிறதாம். இரண்டில் ஒன்று பயன்படாதா?

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

முதலாவது ஆங்கில மாதத்தின் பெயரைத் தமிழ் எழுத்தில் தரும், அவ்வளவே. இரண்டாவது இந்திய அரசின் தேசிய நாட்காட்டி. அதில் வருடம் மார்ச் 22 இல், லீப் வருடமாயின் 21 இல், தொடங்குகிறது. 2025 ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை 1. அதன் கணக்கில் முதல் மாதத்தின் 24 ஆம் நாள். இரண்டும் நமக்கு உதவா.

வாய்க்கால் கரை எழுதியது:

பக்கத்தின் தலைப்பில் "இன்று" என்று தமிழ்த் திகதியைக் காட்டத் தொடங்கியிருக்கிறேன். பகலில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அதிகாலையில் வயலுக்குப் போகும் ஒருவர், முந்திய நாளின் திகதியே தெரிகிறது என்கிறார். நான் எழுந்து பார்க்கும் நேரத்தில் சரியாகிவிடுகிறது. தமிழ் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது என்பதால் இப்படி வருகிறதா? இன்றைய நாளை இப்படித்தான் எடுக்கிறேன்.

```js
const d = new Date().toISOString().slice(0, 10);
```

குமுழமுனை எழுதியது:

இது பஞ்சாங்கத்தின் வேலையன்று. `toISOString` எப்போதும் கிறின்விச் நேரத்தையே தரும். நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருப்பதால், இங்கே காலை 5.30 ஆகும் வரை அங்கே முந்திய நாள்தான். அந்தக் கமக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்தரை கடந்தவுடன் ஆங்கிலத் திகதியும் சேர்ந்தே மாறியிருக்கும். உதயத்தால் வந்ததென்றால் அந்த நேரம் மாதத்துக்கு மாதம் நகர்ந்திருக்க வேண்டும். மாதப் பிறப்பன்று இது இன்னும் தெளிவாகத் தெரியும்: மே 15 அதிகாலை ஐந்து மணிக்கு உங்கள் பக்கம் வைகாசி 1 க்குப் பதிலாகச் சித்திரை 31 என்று காட்டியிருக்கும்.

தொலைபேசியின் உள்ளூர் நாளையே எடுத்துச் சரமாக்குங்கள்.

```js
function today() {
  const t = new Date();
  const p = n => String(n).padStart(2, "0");
  return t.getFullYear() + "-" +
    p(t.getMonth() + 1) + "-" + p(t.getDate());
}
```

ஆசிரியரின் நிரலில் `Date.parse` இருக்கிறதே, அதையும் மாற்ற வேண்டுமா என்று நினைக்க வேண்டாம். அங்கே இரண்டு திகதிகளும் நேரமில்லாத ஒரே வகைச் சரங்கள். இரண்டும் கிறின்விச் நள்ளிரவாகவே வாசிக்கப்படுவதால் கழிக்கும்போது முழு நாட்களே மிஞ்சும்.

வாய்க்கால் கரை எழுதியது:

மாற்றிவிட்டேன், நாளை அதிகாலை அவரிடமே பார்க்கச் சொல்கிறேன். கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர் ஒருவரும் பக்கத்தைப் பார்ப்பதுண்டு. அவருக்கு அவருடைய நாட்டு நாள் தெரியுமல்லவா?

குமுழமுனை எழுதியது:

ஆம், "இன்று" என்ற வரி மட்டும் அவருடைய நாளைக் காட்டும். நீர் திறக்கும் திகதிகள் சரமாகவே எழுதப்பட்டிருப்பதால் அவை எங்கும் மாறா. ஊர் நாளையே எல்லாருக்கும் காட்ட விரும்பினால் `Asia/Colombo` நேர வலயத்தைக் குறிப்பிட்டு நாளைப் பெறலாம்.

கோவிலடி எழுதியது:

உதயத்தைப் பற்றிக் கேட்டது வீண் கேள்வியன்று. கோவில் நடைமுறையில் விடிவதற்கு முந்திய நேரம் முந்திய நாளைச் சேர்ந்தது. அதிகாலை நான்கு மணிக்கு ஒருவர் பக்கத்தைத் திறந்தால், பஞ்சாங்கத் திகதி என்று பெயரிட்டுவிட்டு நள்ளிரவில் அதை மாற்றுவது முறையா?

அதோடு சித்திரைப் பிறப்பைப் பற்றியும் கேட்க வேண்டும். 2024 இல் சங்கிரமணம் ஏப்ரல் 13 இரவு நிகழ்ந்தது. வருடப்பிறப்பு விடுமுறையும் 13 தான். மருத்துநீரும் புண்ணிய காலமும் அன்றிரவே. ஆசிரியர் சொல்லும் விதிப்படி சித்திரை முதலாம் நாள் 14. அப்படியானால் 13 ஆம் திகதிக்குப் பக்கம் என்ன காட்ட வேண்டும்?

நெடுங்கேணி ஆசிரியர் எழுதியது:

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டாவதற்கே என்னிடம் உறுதியான விடை உண்டு. மாதத்தின் முதலாம் நாளும் வருடம் பிறக்கும் வேளையும் வேறு வேறு செய்திகள். அட்டவணையில் சித்திரைக்கு 14 என்றே எழுத வேண்டும். 13 பங்குனியின் கடைசி நாள். 14 ஐ 13 ஆக்கினால் பங்குனி ஒரு நாள் குறைந்து, சித்திரை முழுவதும் நாட்காட்டியுடன் ஒரு நாள் முரண்படும். வருடப்பிறப்பைக் காட்ட வேண்டுமானால் திகதிக்கு எதிரே விசேடத்தை எழுதும் தனிப் பட்டியல் ஒன்றை வையுங்கள். அதில் 13 க்கு எதிரே "இரவு புதுவருடப் பிறப்பு" என்று இருக்கட்டும். லீப் வருடங்களில் இந்த நிலை வருகிறது. 2020 இலும் இரவில்தான் பிறந்தது.

உதயத்தைப் பொறுத்தவரை, அச்சிட்ட நாட்காட்டி ஒரு கட்டத்தில் ஆங்கில நாளையும் தமிழ் நாளையும் சேர்த்தே காட்டுகிறது. அதைப் பின்பற்றி நள்ளிரவில் மாற்றுவதே நீர் அறிவித்தலுக்குப் போதும் என்று நான் கருதுகிறேன். கோவில் அறிவித்தலுக்கு அது போதாது என்று கோவிலடி சொன்னால் மறுக்கமாட்டேன்.

கோவிலடி எழுதியது:

நாட்காட்டியில் தாள் கிழிப்பதே விடிந்த பிறகுதான், ஐயா. இதில் நான் உடன்படவில்லை.

வாய்க்கால் கரை எழுதியது:

என் பக்கத்தில் இப்போதைக்கு நள்ளிரவிலேயே மாற விடுகிறேன். கோவிலடி அவர்களின் கருத்தை அடுத்த கூட்டத்தில் மூத்தவர்களிடம் வைக்கிறேன். அட்டவணையை வாக்கியத்திலிருந்து எடுத்ததாகக் குறிப்பு எழுதியாயிற்று. பராபவ வருடத்துக்கான வரிகளை இங்கே இடுகிறேன். வேறு நாட்காட்டி வைத்திருப்பவர் எவராவது வரி வரியாக ஒப்பிட்டுச் சொன்னால் ஏற்றிவிடுவேன்.

வவுனியா கணக்கர் எழுதியது:

இடுங்கள். `TRUE` என்று மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது. இங்கே கடையில் தொங்குவதும் வாக்கிய நாட்காட்டிதான். மாலையில் கணக்கு முடித்த பிறகு ஒப்பிட்டு எழுதுகிறேன்.